காலை 9.30 இனி 8.30: ஓர் அலுவலக நேர மாற்ற அறிவிப்பின் ஆய்வு

அலுவலக நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது நிர்வாகத்துக்கு ஒரு வரி முடிவு. அதைப் பணியாளர்களுக்குச் சொல்லும் சுற்றறிக்கை மட்டும் ஒரு வரியில் முடியாது. கடிகாரத்தோடு கட்டிவைத்த எத்தனையோ விஷயங்கள் அந்த ஒரு மணி நேரத்தோடு சேர்ந்து நகர்கின்றன. எதெல்லாம் நகர்கிறது, எங்கே நகர்கிறது என்று சொல்லாமல் விட்டால், அடுத்த ஒரு மாதம் எச்.ஆர். மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். இதைக் காட்டுவதற்காக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இந்த அலுவலகமும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. சட்ட விவரங்கள் உண்மையானவை.

சென்னை அம்பத்தூர் பகுதியில் மொத்த விநியோகம் செய்யும் ஒரு நிறுவனம். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் குடோன். அலுவலகத்தில் 60 பேர்: பில்லிங், கணக்கு, கொள்முதல், வாடிக்கையாளர் சேவை. அலுவலக நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 முதல் மாலை 6.30, மதிய இடைவேளை 1.30 முதல் 2.30. சனிக்கிழமை 9.30 முதல் 1.30 வரை. குடோன் மட்டும் காலை 8 மணிக்கே திறந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். லாரிகள் 8 மணிக்கு உள்ளே வருகின்றன. சரக்கு ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் பில் போடவும் இ-வே பில் எடுக்கவும் ஆள் 9.30-க்குத்தான் வருகிறார். கணினி திறந்து முதல் பில் அச்சாகி டிரைவர் கைக்கு வரும்போது மணி 10. அதற்குள் நகரச் சாலைகளில் நெரிசல் ஏறிவிடுகிறது. ஏற்றிய லாரி கேட்டில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கிறது. அலுவலகத்தை 8.30 முதல் 5.30 என்று மாற்ற நிர்வாகம் முடிவு செய்தது.

முதலில் எழுதிய அறிவிப்பு இப்படி இருந்தது:

"அனைத்துப் பணியாளர்களின் கவனத்திற்கு: நிறுவனத்தின் செயல்திறனை மேம்படுத்தும் பொருட்டும், வாடிக்கையாளர் சேவையைச் சிறப்பிக்கும் பொருட்டும், வரும் திங்கள் முதல் அலுவலக நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை என மாற்றி அமைக்கப்படுகிறது. அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பல அலுவலகங்களின் நோட்டீஸ் போர்டில் இதே வாசகம்தான் தொங்குகிறது. ஆனால் இதில் நான்கு பிழைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு சட்டத்தோடும் மோதுபவை.

முதல் சட்டப் பிழையிலிருந்து தொடங்கலாம். மதிய இடைவேளை பற்றி இந்த அறிவிப்பில் பேச்சே இல்லை. சொல்லாத விஷயம் பழையபடிதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், அதாவது 1.30. பழைய நேரத்தில் 9.30 முதல் 1.30 வரை சரியாக நான்கு மணி நேரம். புதிய நேரத்தில் 8.30 முதல் 1.30 வரை என்றால் ஐந்து மணி நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 14-ஆவது பிரிவு, குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு இல்லாமல் யாரையும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்கிறது. ஆகவே சாப்பாட்டு நேரமும் 12.30-க்கு நகர்ந்தே ஆக வேண்டும். அதே பிரிவுதான் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பையும் வைக்கிறது. இங்கே ஐந்து நாள் எட்டு மணியும் சனிக்கிழமை நான்கு மணியும் சேர்த்து 44. அந்தக் கணக்கு முன்பும் சரி, இப்போதும் சரி. இடைவேளைதான் இடறுகிறது, அதுவும் யாரும் தொடாமல் விட்டதால்.

இரண்டாவது பிழை, "வரும் திங்கள்". புதன்கிழமை படிப்பவருக்கு இது ஒரு தேதி. ஊருக்குப் போய்விட்டு அடுத்த வாரம் திரும்பிப் படிப்பவருக்கு வேறொரு தேதி. வாட்ஸ்அப்பில் பத்து நாள் கழித்து யாரோ மறுபடி அனுப்பினால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும். தேதி, மாதம், ஆண்டு, கிழமை நான்கும் வேண்டும். கூடவே பழைய நேரம் எந்த நாளோடு முடிகிறது என்றும் எழுத வேண்டும். இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் "முதல்" என்ற சொல்லை மட்டும் நம்பி முந்தைய சனிக்கிழமையே 8.30-க்கு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பவர் எப்போதும் ஒருவர் இருப்பார்.

வரும் திங்கள் என்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு, அவகாசம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020-இன் 40-ஆவது பிரிவின்படி, வேலை நேரம், இடைவேளை போன்ற பணி நிலைமைகளில் மாற்றம் செய்ய நினைக்கும் முதலாளி, பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்து 21 நாட்களுக்குள் மாற்றத்தை அமல்படுத்தக் கூடாது. இதற்கு முன்பிருந்த தொழில் தகராறுகள் சட்டம், 1947-இன் 9-ஏ பிரிவிலும் இதே 21 நாள்தான். மேலாளர்களும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் சட்டத்தின் "தொழிலாளர்" வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் ஒரே அறையில் உட்காருபவர்களுக்கு இரண்டு அவகாசம் வைப்பதில் பயனில்லை. எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே தேதி.

மொத்த வேலை நேரம் கூடவில்லையே, வெறுமனே நகர்த்தத்தானே செய்கிறோம், இதற்கு எதற்கு 21 நாள் என்ற கேள்வி நிர்வாகத்திலிருந்து கட்டாயம் வரும். அந்த வாதத்தை ஒரு வழக்கில் போய்ச் சோதித்துப் பார்ப்பதைவிட மூன்று வாரம் காத்திருப்பது மலிவு. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், குழந்தையின் பள்ளி வேனை மாற்ற, வீட்டில் சமையலை ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவர, ரயிலில் சேர்ந்து வருபவர்கள் வேறு வண்டி பார்க்க மூன்று வாரம் தேவைதான்.

எனவே அமல் தேதி 2026 ஜூன் 1, திங்கட்கிழமை என்று முடிவானது. மூன்று காரணங்கள். சம்பளக் கணக்கு ஒன்றாம் தேதி தொடங்குவதால், ஒரே மாதத்தில் இரண்டு நேரக் கணக்கு வராது. வாரத் தொடக்கம். பள்ளிகளும் கோடை விடுமுறை முடிந்து ஜூனில்தான் திறக்கும். மே முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டால் பெற்றோர் அந்த ஆண்டுக்கான வேனையும் டியூஷனையும் புதிய நேரத்துக்கு ஏற்பப் பேசிக்கொள்ளலாம். ஜூலையில் அறிவித்திருந்தால் பேசி முடித்ததை உடைக்க வேண்டியிருக்கும். மே 11-க்கும் ஜூன் 1-க்கும் இடையே சரியாக 21 நாள். அந்த விளிம்பில் நிற்காமல் மே 6, புதன்கிழமையே அறிவிப்பு வெளியானது.

மூன்றாவது பிழை, காரணம். "செயல்திறனை மேம்படுத்தும் பொருட்டு" என்ற வரியைப் படித்தவருக்கு ஒரு காரணமும் கிடைப்பதில்லை. காரணம் கிடைக்காத இடத்தில் வதந்தி வந்து உட்காரும். ஆட்குறைப்பு வருகிறதாம், இன்னொரு ஷிஃப்ட் தொடங்கப் போகிறார்களாம், காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வரச்சொல்லி மாலையில் பழையபடியே உட்கார வைக்கப் போகிறார்களாம். கடைசி அச்சம் நியாயமானது. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

காரணம் என்பது, தேர்ந்தெடுத்த அந்த மணியை விளக்க வேண்டும். பஞ்சாப் அரசு 2023-இல் செய்தது நல்ல எடுத்துக்காட்டு. அரசு அலுவலகங்கள் மே 2 முதல் ஜூலை 15 வரை காலை 7.30 முதல் பிற்பகல் 2 மணி வரை இயங்கும் என்று முதல்வர் பகவந்த் மான் ஏப்ரலில் அறிவித்தார். பிற்பகல் 1.30-க்குப் பிறகுதான் மின்தேவை உச்சத்தை நோக்கி ஏறுகிறது, அந்த நேரத்தில் அலுவலகங்கள் மூடியிருந்தால் சுமை குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஏன் 2 மணிக்கு முடிகிறது, ஏன் ஜூலை நடுவில் நிற்கிறது என்பதற்கெல்லாம் அந்த ஒரே காரணத்தில் பதில் இருக்கிறது. கோடை போனால் காரணமும் போய்விடும். அதனால் முடிவுத் தேதியும் அறிவிப்பிலேயே வந்தது.

அம்பத்தூர் அலுவலகத்திலும் காரணத்தைக் கேட் பதிவேடே தருகிறது. லாரி உள்ளே வந்த நேரம், ஏற்றி முடித்த நேரம், வெளியே போன நேரம் மூன்றும் செக்யூரிட்டி கையால் எழுதி வைப்பவை. மூன்று வாரப் பக்கங்களைப் புரட்டினால் காலை லாரிகளில் பெரும்பாலானவை 9 மணிக்கு ஏற்றி முடித்து 10 மணிக்குப் பிறகே கிளம்பியிருப்பது தெரிகிறது. இதை அப்படியே எழுதினால் போதும். மின்செலவு மிச்சம், பணியாளர் நலன், மாலையில் குடும்பத்தோடு இருக்கலாம் என்று கூடுதல் காரணங்களைச் சேர்க்கும் ஆசை வரும். உண்மையில் முடிவை எடுக்க வைத்தது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. நலனுக்காகத்தான் மாற்றினோம் என்று எழுதிவிட்டு, தொலைவிலிருந்து வருபவர் சலுகை கேட்கும்போது மறுத்தால், அடுத்த சுற்றறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

நான்காவது பிழைதான் தினசரித் தொல்லையைக் கொண்டுவருவது. 9.30 என்ற எண்ணோடு கட்டிய மற்ற எண்கள் எங்கும் சொல்லப்படவில்லை. பத்து நிமிட கிரேஸ் டைம் 9.40 வரை இருந்தது, இனி 8.40. மாதம் இரண்டு முறை தரும் ஒரு மணி நேர பர்மிஷன் காலையில் 10.30 வரை செல்லும்; இனி 9.30 வரை. அரைநாள் விடுப்பில் முற்பகல், பிற்பகல் இரண்டையும் பிரிக்கும் கோடு 1.30, இனி 12.30. சனிக்கிழமை 12.30-க்கு முடிகிறது. நிறுவன வேன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மணி நேரம் முன்னால் வரும். இவற்றை எழுதாவிட்டால் ஒவ்வொரு துறைத்தலைவரும் தனக்குத் தோன்றியபடி விளக்குவார். கணக்குப் பிரிவில் 9.30-க்கு வந்தவர் பர்மிஷன், பில்லிங்கில் அதே 9.30 அரைநாள் என்று ஆகிவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகு எழுதிய சுற்றறிக்கை இது.

சுற்றறிக்கை
நாள்: 6 மே 2026, புதன்கிழமை
பெறுநர்: அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்
பொருள்: 2026 ஜூன் 1 முதல் அலுவலக நேரம் காலை 8.30 – மாலை 5.30

2026 ஜூன் 1, திங்கட்கிழமை முதல் நமது அலுவலகம் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை இயங்கும். மதிய இடைவேளை பகல் 12.30 முதல் 1.30 வரை. சனிக்கிழமை காலை 8.30 முதல் பகல் 12.30 வரை. மே 30, சனிக்கிழமை வரை இப்போதுள்ள நேரமே தொடரும்.

காரணம்: குடோனில் காலை 9 மணிக்கு ஏற்றி முடிக்கும் லாரிகள், பில்லுக்காகவும் இ-வே பில்லுக்காகவும் 10 மணிக்கு மேலும் காத்திருக்கின்றன. பில்லிங்கில் எழும் சந்தேகங்களுக்குக் கணக்குப் பிரிவும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவும் உடன் இருக்க வேண்டியிருப்பதால், ஒரு பிரிவை மட்டும் மாற்றாமல் அலுவலகம் முழுவதற்கும் நேரம் மாற்றப்படுகிறது.

மொத்த வேலை நேரம், சம்பளம், விடுப்பு ஆகியவற்றில் மாற்றம் இல்லை. மாலை 5.30-க்கு மேல் பணிபுரிய வேண்டியிருந்தால் துறைத்தலைவரின் எழுத்து அனுமதி தேவை. அந்த நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்பு வீதத்தில் மிகைநேர ஊதியம் வழங்கப்படும்.

வருகைப் பதிவுக்கான சலுகை நேரம் காலை 8.40 வரை. காலை பர்மிஷன் 9.30 வரை. அரைநாள் விடுப்பு பகல் 12.30-ஐ வைத்துக் கணக்கிடப்படும். ஜூன் 13 வரை தாமதத்துக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை. வேன் நிறுத்தங்களின் புதிய நேரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

செக்யூரிட்டி, குடோன் பணியாளர்களுக்கு இந்த மாற்றம் பொருந்தாது.

பள்ளி, மருத்துவம், பயணத் தொலைவு போன்ற காரணங்களால் புதிய நேரத்துக்கு வர இயலாதவர்கள் மே 15, வெள்ளிக்கிழமைக்குள் மனிதவளப் பிரிவில் எழுதித் தரவும். ஒவ்வொருவருக்கும் மே 22, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரப்படும்.

— பொது மேலாளர்

முதல் பத்தியிலேயே புதிய நேரம், தேதி, இடைவேளை, சனிக்கிழமை, பழைய நேரத்தின் கடைசி நாள் எல்லாம் வந்துவிட்டன. மேற்கொண்டு படிக்காதவருக்கும் அது போதும். காரணம் இரண்டாவது பத்தியில். காரணத்தை முன்னால் நீட்டி முடிவைக் கடைசியில் வைப்பது நம் அலுவலகக் கடிதங்களின் பழைய பழக்கம். படிப்பவர் அந்த வரிகள் எல்லாவற்றையும் தாண்டி எண்ணைத்தான் தேடுவார். பொருள் வரியிலும் "முக்கிய அறிவிப்பு" என்று போடாமல் தேதியும் நேரமும் போடப்பட்டிருப்பதற்குக் காரணம் கைபேசி. மின்னஞ்சல் பட்டியலில் அந்த ஒரு வரிதான் தெரியும்.

மிகைநேரம் பற்றிய வரியை நீக்கிவிடலாமா என்ற பேச்சு வரும், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 31-ஆவது பிரிவு மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தரச் சொல்கிறது. மாலை உண்மையிலேயே 5.30-க்கு முடியும் என்பதற்கு இந்த வரிதான் சாட்சி. இதோடு ஒரு வேலையும் இருக்கிறது. மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் வழக்கமாக நடக்கும் வாராந்திரக் கூட்டங்களை நாட்காட்டியில் தேடி முற்பகலுக்கு மாற்ற வேண்டும். 6 மணிக் கூட்டம் அப்படியே இருந்தால் சுற்றறிக்கை முதல் வாரத்திலேயே பொய்யாகிவிடும்.

அனுப்பும் வழியிலும் ஓட்டை விழும். அலுவலக மின்னஞ்சல் எல்லோருக்கும் இருக்காது. ஆபீஸ் உதவியாளர்கள், ஹவுஸ்கீப்பிங் பெண்கள், வேன் டிரைவர், டீ கொண்டு வருபவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 8.30-க்கு அலுவலகம் திறக்க, துப்புரவு 7.30-க்குத் தொடங்க வேண்டும், சாவி 7.15-க்குக் கையில் இருக்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்ததாரருக்கும் வேன் ஒப்பந்ததாரருக்கும் தனிக் கடிதம் போய், அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே சுற்றறிக்கை வெளியாக வேண்டும். வேன் உரிமையாளர் காலை முதல் டிரிப்பை ஒரு பள்ளிக்கு ஒப்புக்கொண்டிருந்தால், அது மே 6-க்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம். பணியாளர்களுக்கு மின்னஞ்சல், நோட்டீஸ் போர்டு, கையெழுத்துத் தாள் மூன்றும் வேண்டும். 60 பெயருக்கும் எதிரே கையெழுத்து வாங்கும்போதுதான் மகப்பேறு விடுப்பிலும் நீண்ட மருத்துவ விடுப்பிலும் இருப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி, தொலைபேசியில் ஒரு வார்த்தை.

விண்ணப்பங்களில் ஏற்கத்தக்கவர்களுக்கு 9 முதல் 6 வரை என்ற நேரம் தரலாம். அவர்களுக்கு மதிய இடைவேளை 1 மணிக்கு. அதற்கு மேல் தள்ளினால் நான்கு மணி வரம்பு மீறும். எத்தனை மாதத்துக்கு என்று அனுமதிக் கடிதத்திலேயே தேதி போட்டுவிட வேண்டும். வாய்மொழியாக "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்று மேலாளர் சொன்ன அனுமதி, அந்த மேலாளர் மாறிய அன்று தகராறாகும்.

இனி வருகைப்பதிவு இயந்திரம். சுற்றறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், முதல் மாதச் சம்பளத்தில் கோபம் கிளம்புவது இங்கிருந்துதான். பயோமெட்ரிக் மென்பொருளில் GEN என்ற பெயரில் ஒரு ஷிஃப்ட் இருக்கும்: தொடக்கம் 09:30, முடிவு 18:30. பொறுப்பாளர் ஜூன் 1 காலையில் அதைத் திறந்து 08:30, 17:30 என்று திருத்திவிடுகிறார். எளிதான வேலை, சரியாகவும் தோன்றும். ஆனால் மே மாதச் சம்பளக் கணக்கு ஓடுவது ஜூன் 2-ஆம் தேதி. மென்பொருள் மே மாதப் பதிவுகளை மறுபடி கணக்கிடும்போது, திருத்திய ஷிஃப்டையே அந்த நாட்களுக்கும் பொருத்திவிடக்கூடும். அப்போது மே 12 அன்று 9.25-க்கு, அதாவது ஐந்து நிமிடம் முன்னதாக வந்தவர், 55 நிமிடம் தாமதம் என்று பதிவாவார். மாதம் முழுவதும் அப்படி.

சரியான வழி, GEN-ஐத் தொடாமல் G830 என்று புதிய ஷிஃப்ட் ஒன்றை உருவாக்கி, 01/06/2026 முதல் என்று தேதியிட்டு அனைவருக்கும் ஒதுக்குவது. சனிக்கிழமைக்குத் தனி ஷிஃப்ட், 9 மணி அனுமதி பெற்றவர்களுக்குத் தனி ஷிஃப்ட். ஒவ்வொன்றிலும் கிரேஸ், இடைவேளை, அரைநாள் எல்லை மூன்றையும் புதிதாக நிரப்ப வேண்டும். நகல் எடுத்து உருவாக்கினால் இடைவேளை 13:30 என்றே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

தவறு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூன் 2 காலையில் முந்தைய நாளின் அறிக்கையை எடுத்தால் தெரிந்துவிடும். 5.35-க்குக் கிளம்பியவர்கள் எல்லோரும் "முன்கூட்டியே வெளியேறியவர்" பத்தியில் இருந்தால், புதிய ஷிஃப்ட் ஒதுக்கப்படவில்லை. சிலர் மட்டும் இருந்தால், அவர்கள் விடுபட்டவர்கள். பெரும்பாலும் மே மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் கிளையிலிருந்து மாறி வந்தவர்களும்தான். மே அறிக்கையில் என்றுமே தாமதிக்காதவரின் பெயருக்கு எதிரே தினமும் தாமதம் விழுந்திருந்தால், யாரோ GEN-ஐத் திருத்தியிருக்கிறார்கள். பழைய எண்களை மீண்டும் போட்டு மே மாதத்தை மறுகணக்கிட வேண்டும், சம்பளம் வங்கிக்குப் போவதற்கு முன்.

வாடிக்கையாளர்களுக்குத் தனி அறிவிப்பு, அதில் அழைப்பு நேரம் மட்டும். உள் சுற்றறிக்கையை அப்படியே வெளியே அனுப்பினால் பிடித்தம், பர்மிஷன் எல்லாம் அவர்கள் கையில் போய்ச் சேரும். 5.30-க்குப் பிறகு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இத்தனை ஆண்டுகள் 6.15-க்கு ஆர்டர் சொல்லிப் பழகிய கடைக்காரர் ஜூன் 1 அன்றும் அதே நேரத்துக்குத்தான் அழைப்பார்.

ஆகஸ்ட் முடிவில் அதே கேட் பதிவேட்டை மறுபடி எடுக்க வேண்டும். அறிவிப்புக்கு முன் மூன்று வாரம் பார்த்ததைப் போலவே ஆகஸ்டிலும் மூன்று வாரம்: ஏற்றி முடித்த நேரத்துக்கும் வெளியேறிய நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம். லாரிகள் 9.15 வாக்கில் கிளம்பத் தொடங்கியிருந்தால், அந்தப் பக்கத்தின் நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். இன்னும் 10 மணிக்கே கிளம்புகின்றன என்றால் தாமதம் பில்லிங்கில் இல்லை. 60 பேரை ஒரு மணி நேரம் முன்னால் வரவைத்ததற்கு வேறு காரணம் தேடாமல், சரக்கு அடுக்கும் இடத்தையும் எடைமேடை வரிசையையும் போய்ப் பார்க்க வேண்டும்.